பழனியில் தனித்தமிழ்ச் சொல்லாக்கம்

ஒரு மொழியில் கலந்துள்ள பிறமொழிச் சொற்களை விலக்கி, அவற்றின் இடத்தில் அம்மொழியின் சொற்களையே வழங்க வேண்டும் என்னும் கொள்கை மொழித் தூய்மைவாதம் எனப்படுகிறது. எந்தச் சொல் நம்முடையது, எந்தச் சொல் அயலது, எது உயர்ந்தது, எது கொச்சை என்று ஒரு சமூகம் கொண்டிருக்கும் நம்பிக்கைகளின் தொகுப்பை மொழிக் கருத்தியல் என்பர். தமிழில் இவ்விரண்டும் சேர்ந்து உருவானதே தனித்தமிழ் இயக்கம்.

இவ்வியக்கம் ஆக்கிய சொற்களுள் சில இன்று யாரும் ஆக்கச் சொல் என்று உணராத அளவுக்குக் கலந்துவிட்டன. சில, பெயர்ப்பலகையைத் தாண்டவில்லை. இந்த வேறுபாட்டுக்குச் சொல்லின் அழகோ இலக்கணச் சரியோ மட்டும் காரணம் அல்ல. ஒரு சொல்லை எந்த இடத்தில், யார், எதற்காகச் சொல்கிறார்கள் என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது. கோயிலும் அரசுத் துறையும் அங்காடியும் மலைத் தோட்டமும் அருகருகே உள்ள பழனியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

பின்னணி

தமிழில் வடசொல் கலப்பு புதியதன்று. வடசொல்லை எவ்வாறு ஏற்பது என்பதற்குத் தொல்காப்பியமே விதி சொல்கிறது. வடமொழிக்குரிய எழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தால் எழுத வேண்டும் என்பது அதன் சாரம். இது விலக்கும் விதி அன்று; உருமாற்றி ஏற்கும் விதி. பிற்கால இலக்கண நூல்கள் இவ்வாறு திரிந்து வரும் சொற்களைத் தற்பவம் என்றன.

சொல்லையே விலக்க வேண்டும் என்னும் நிலைப்பாடு இயக்கமாக எழுந்தது 1916இல். சுவாமி வேதாசலம் தம் பெயரை மறைமலை அடிகள் என மாற்றிக்கொண்டார். வேதம் என்பதற்கு மறை, அசலம் என்பதற்கு மலை. அவர் நடத்திய ‘ஞானசாகரம்’ இதழ் ‘அறிவுக்கடல்’ ஆயிற்று. அவருடைய மகள் நீலாம்பிகை அம்மையார் வடசொற்களுக்கு இணையான தமிழ்ச் சொற்களைத் தொகுத்து ‘வடசொற்றமிழ் அகரவரிசை’ வெளியிட்டார். சொல்லைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தமிழ்ச் சொல்லை வைத்துச் சேர்க்கும் இம்முறைதான் பின்னர் வந்த ஆக்கங்களுள் பெரும்பாலானவற்றுக்கு அச்சு.

நூலில் பிறந்த சொற்கள் ஊருக்குள் வந்த வழிகள் மூன்று: அரசியல் மேடை, இதழ்கள், அரசு அலுவலகம். அக்கிராசனர் தலைவர் ஆனார். உபந்நியாசம் சொற்பொழிவு ஆயிற்று. காரியதரிசி செயலாளர் ஆனார். அபேட்சகர் வேட்பாளர் ஆனார். 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பின் அலுவலகச் சொற்கள் பெருமளவில் ஆக்கப்பட்டன. 1967இல் அமைந்த அண்ணாவின் அரசு ஸ்ரீ, ஸ்ரீமதி என்பவற்றுக்குப் பதிலாகத் திரு, திருமதி என்பவற்றை ஏற்றது. ஸ்ரீமதியில் உள்ள ‘மதி’ அப்படியே தங்கிவிட்டதை இன்று எவரும் கவனிப்பதில்லை.

அரசின் பங்கு எவ்வளவு என்பதற்கு இலங்கை ஒரு சான்று. தமிழகத்தில் குடியரசுத் தலைவர் என்பவரை இலங்கைத் தமிழர் இன்றும் ஜனாதிபதி என்றே எழுதுகின்றனர். மொழி ஒன்றே. அங்கே அரசின் வழக்கும் நாளிதழ்களின் வழக்கும் வேறு முடிவை எடுத்தன.

ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து

பழனிக்குள் வந்தால் முதல் வேறுபாடு ஊர்ப் பெயரிலேயே தொடங்குகிறது. அரசு ஆவணங்களிலும் பள்ளி நூல்களிலும் ‘பழனி’ என்ற வடிவம் பெருவழக்கு. கோயில் சார்ந்த வெளியீடுகளிலும் சில நாளிதழ்களிலும் ‘பழநி’ என்று காணலாம். ஒலிப்பில் வேறுபாடு இல்லை. எழுத்தில் மட்டுமே உண்டு.

தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் வருவது ந. சொல்லின் நடுவே, தகரத்துக்கு முன் அல்லாத இடங்களில் பொதுவாக வருவது ன. ஆகவே பெயரை ஒரே சொல்லாகக் கொண்டால் ‘பழனி’ என்று எழுதுவதே இயல்பு. ‘பழநி’ என்று எழுதுவோர் அதை இரு சொற்களின் கூட்டாகக் கொள்கின்றனர். மாங்கனிக்காகக் கோபித்து வந்த முருகனிடம் “பழம் நீ” என்று சொல்லப்பட்டதாக வழங்கும் கதை அந்த ந-வில் இருக்கிறது. வயலைக் குறிக்கும் பழனம் என்ற சொல்லிலிருந்து பெயர் வந்தது என்பாருக்கு ன-வே பொருத்தம். அகநானூற்றில் ஆவியர் தலைவனின் மலையாகச் சொல்லப்படும் பொதினியே பழனி ஆயிற்று என்பாரும் உளர். அவர்களுக்குக் கனி கதை தேவைப்படுவதில்லை.

இங்கே இரு தரப்பும் கோருவது தமிழையே. ஒருவர் புராணத்தின் வழியாகவும் மற்றவர் சங்க இலக்கியத்தின் வழியாகவும் அதைக் கோருகின்றனர். எழுத்துக்கூட்டல் பற்றிய வாதம் போலத் தோன்றுவது, ஊரின் பழமையை எங்கிருந்து தொடங்குவது என்னும் வாதமாக இருக்கிறது. மொழிக் கருத்தியல் என்பதன் எளிய எடுத்துக்காட்டு இது.

வென்ற சொல்: குடமுழுக்கு

பழனி மலைக்கோயிலில் 2023 ஜனவரி 27 அன்று நடந்த விழாவைச் சிலர் குடமுழுக்கு என்றும் சிலர் கும்பாபிஷேகம் என்றும் குறித்தனர். கும்பத்துக்குக் குடம், அபிஷேகத்துக்கு முழுக்கு என்று மறைமலை அடிகளின் முறையிலேயே நேராகப் பெயர்த்த சொல் இது. ஆனால் ‘வேதாசலம் – மறைமலை’ போலன்றி, இச்சொல்லின் இரு பகுதிகளும் ஏற்கெனவே அன்றாடத் தமிழில் இருந்தவை. தண்ணீர்க் குடமும் தலைமுழுக்கும் தெரிந்த எவருக்கும் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

இச்சொல் பரவியதற்கு வேறு இரு காரணங்களும் உண்டு. முதலாவது, அதைச் சொல்லும் சந்தர்ப்பம் அடிக்கடி வருவதன்று. ஆகம வழக்கப்படி ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடக்க வேண்டிய விழா. பழனியில் 2023க்கு முந்தையது 2006இல் நடந்தது. அரிதாக நடக்கும் விழாவின் பெயர் வாய்வழக்கைவிட அழைப்பிதழ், சுவரொட்டி, நாளிதழ் ஆகியவற்றின் வழியாகவே பெரும்பாலும் மக்களை அடைகிறது. இரண்டாவது, அறிவிப்பை வெளியிடுவது இந்து சமய அறநிலையத் துறை. எழுதும் உரிமை ஓரிடத்தில் இருந்தால் சொல்லும் நிலைபெறும்.

ஆயினும் வெற்றிக்கு எல்லை உண்டு. அதே கோயிலில் நாள்தோறும் நடப்பது ‘பாலாபிஷேகம்’; அதைப் ‘பால்முழுக்கு’ என்று கேட்டுச் சீட்டு வாங்குவோரைக் காண்பது அரிது. துறையின் பெயர் அறநிலையத் துறை ஆனாலும், ஊரார் பேச்சில் கோயில் நிர்வாகம் இன்னும் ‘தேவஸ்தானம்’தான். பல ஆண்டுக்கு ஒரு முறை நடப்பதன் பெயர் மாறியது. தினமும் நடப்பதன் பெயர் மாறவில்லை.

பலகையில் நின்ற சொல்: விஞ்சும் ரோப் காரும்

ஏறக்குறைய 690 படிகளை ஏற இயலாதவர்களுக்காகப் பழனியில் 1966இல் தொடங்கப்பட்டது தண்டவாளத்தில் வடத்தால் இழுக்கப்படும் வண்டி. மக்கள் அதை விஞ்ச் என்கின்றனர். 2004இல் வானில் தொங்கிச் செல்லும் பெட்டிகள் வந்தன. அவை ரோப் கார். இவற்றுக்கு எழுத்து வழக்கில் முறையே மின் இழுவை ரயில், கம்பிவட ஊர்தி என்ற பெயர்கள் உள்ளன.

விஞ்ச் என்ற சொல்லை நெருங்கிப் பார்த்தால் ஒரு வியப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் அது வடத்தைச் சுற்றி இழுக்கும் உருளைப் பொறியின் பெயர். மேலே நிலையாக இருக்கும் இயந்திரம். பழனியில் அதுவே பயணிகள் ஏறி அமரும் வண்டியின் பெயராகிவிட்டது. “விஞ்சில் ஏறினோம்”, “விஞ்சுக்கு வரிசை நீளம்” என்பவை ஆங்கிலத்தில் பொருள் தராத தொடர்கள். சொல் அயலது, பொருளோ பழனிக்காரர்கள் கொடுத்தது. வேற்றுமை உருபும் எளிதாக ஒட்டிக்கொள்கிறது. இதைக் கடன்சொல் என்று மட்டும் சொல்லி விலக்கினால், ஊரார் செய்த ஒரு பொருளாக்கத்தையும் சேர்த்தே விலக்கியதாகும்.

மாற்றாக வந்த சொல்லைப் பார்ப்போம். மின் இழுவை ரயில் என்பதில் ரயில் ஆங்கிலம். முழுத் தூய்மை வேண்டினால் மின்னிழுவைத் தொடர்வண்டி என்றாக வேண்டும், இது நீளம். மேலும், தொடர்வண்டி என்றால் பல பெட்டிகள் தொடர்ந்து வரும் வண்டி என்றே மனத்தில் படும். சொல்லைத் தூய்மையாக்கும்போது பொருள் சற்று விலகுவது இப்படித்தான்.

கம்பிவட ஊர்தி இதைவிடச் செம்மையான ஆக்கம். தேரோட்டம் காணும் ஊரில் வடம் என்ற சொல் எவருக்கும் தெரியும். தைப்பூசத்திலும் பங்குனி உத்திரத்திலும் இழுக்கப்படுவது தேர்வடம். கம்பியால் ஆன வடம் கம்பிவடம். ஊர்தி பழைய இலக்கியச் சொல். அரசு வழக்கு அதற்கு மறுவாழ்வு தந்தது. குறை எதுவும் சொல்ல முடியாத இச்சொல்லும் பேச்சில் பரவவில்லை. நாளிதழ்கள் ‘கம்பிவட ஊர்தி (ரோப்கார்)’ என்று அடைப்புக்குறி சேர்த்தே எழுத நேர்கிறது.

காரணம் காலத்தில் இருக்கிறது. குடமுழுக்குக்கு அச்சில் முதலிடம் கிடைத்தது. ஊர்திகளுக்கோ, சீட்டு வாங்கும் சாளரத்தில், குழந்தை அழும்போது, பெரியவர் கால் வலிக்கிறது என்னும்போது, சட்டென்று சொல்ல ஒரு பெயர் வேண்டும். பொருள் வந்த நாளிலேயே ஒரு பெயர் வாயில் அமர்ந்துவிடுகிறது. பின்னால் வரும் பெயர் எவ்வளவு நல்லதாயினும் ஏற்கெனவே ஆள் அமர்ந்த இருக்கைக்கு வருகிறது. இரண்டு அசையில் முடியும் விஞ்சை எழுப்ப நீண்ட தொடரால் முடிவதில்லை.

தொட முடியாத சொல்: பஞ்சாமிர்தம்

பழனிப் பஞ்சாமிர்தம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பஞ்ச என்பது ஐந்து. அமிர்தம் என்பது அமுது. ஆகவே இதை ஐந்தமுது என்று பெயர்த்துவிடலாம். பெயர்த்தும் தூய்மை வாராது. அமுது என்பதும் வடசொல்லான அமிருதம் திரிந்து வந்த தற்பவமே என்பது பெரும்பாலான மொழியியலாளர் கருத்து. ஐந்தமுது மாற்றுவது பாதிச் சொல்லை மட்டுமே.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் இன்னும் சிக்கல். வாழைப்பழம், நெய், தேன் ஆகியவை தமிழ்ச் சொற்கள். சர்க்கரை வடமொழியின் சர்க்கரா. சிறப்பாகச் சேர்க்கப்படும் மலை வாழைக்கு விருப்பாச்சி என்று பெயர். அது பழனி மலையடிவார ஊரான விருப்பாட்சியின் பெயர். விரூபாக்ஷ என்ற வடசொல் முதலில் க்ஷ-வை இழந்து ட்ச ஆகி, பின் பேச்சில் ச்ச ஆயிற்று. தொல்காப்பியம் சொன்ன உருமாற்றம் உழவர் வாயில் நடந்திருக்கிறது. இதை விலக்க வேண்டிய சொல்லாக எந்தத் தனித்தமிழ் ஆர்வலரும் பட்டியலிட்டதாகத் தெரியவில்லை; ஏனெனில் அது அயலாகக் காதில் விழுவதில்லை.

பஞ்சாமிர்தத்தின் பெயரை மாற்ற முடியாமைக்குக் காரணம் வேறு. அது வெறும் பொருளின் பெயர் அன்று. பதிவு பெற்ற பெயர், விற்பனைப் பெயர், நேர்த்திக்கடனின் பெயர். மாற்றினால் சட்டக் காப்பும் வாங்குவோர் நம்பிக்கையும் ஒருங்கே தளரும். பொருளாதார மதிப்பு ஏறிய சொல்லில் தூய்மைவாதம் பொதுவாகக் கை வைப்பதில்லை.

மலைமேல்: காப்பி, தேநீர், உருளைக்கிழங்கு

பழனியிலிருந்து கொடைக்கானல் நோக்கி ஏறினால், கீழ்ப்பழனி மலைப் பகுதியில் காப்பித் தோட்டங்கள் தொடங்குகின்றன. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் உண்டு. காப்பிக்குத் தனித்தமிழில் குளம்பி என்ற ஆக்கம் வழங்குகிறது. கொட்டையின் பிளந்த வடிவம் விலங்கின் குளம்பை ஒத்தது என்பது அதற்குத் தரப்படும் விளக்கம்.

இச்சொல் ஏன் நிற்கவில்லை என்பதை அதன் அமைப்பே காட்டுகிறது. முதலாவதாக, விளக்கம் சொல்லாமல் பொருள் விளங்காது. அருந்துவோர் பெரும்பாலோர் முழுக்கொட்டையைப் பார்ப்பதே இல்லை, பொடியைத்தான் பார்க்கின்றனர். இரண்டாவதாக, ளகரமும் ழகரமும் பேச்சில் பல வட்டாரங்களில் ஒன்றாகிவிட்டதால், குளம்பி என்பது குழம்பி என்று கேட்கும்; உணவகத்தில் அது குழம்பை நினைவூட்டும். மூன்றாவதாக, காப்பி என்பதே தமிழ் ஒலிக்கு ஏற்ப மாறிய வடிவம். தமிழில் இல்லாத ஒலியை விட்டுப் பகரத்தை ஏற்றுக்கொண்டது. அயல்மொழி உறுத்தல் இல்லாத சொல்லுக்கு மாற்றுத் தேட மக்களுக்குத் தூண்டுதல் இல்லை.

தேநீர் மாறாக எழுத்துத் தமிழில் இயல்பாகிவிட்டது. அதில் ‘தே’ சீனத்திலிருந்து உலகெங்கும் பரவிய சொல்லின் ஒரு வடிவம். ‘நீர்’ மட்டுமே தமிழ். பாதிக் கடனும் பாதித் தமிழும் கலந்த சொல் வென்றது. முழுத் தமிழான குளம்பி தோற்றது. பழகிய ஒலியை ஓரளவு தக்கவைத்துக்கொண்டு, தமிழ்ச் சொல்லொன்றைச் சேர்த்ததால் தேநீருக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

மூன்றாவது வகைக்கு உருளைக்கிழங்கு எடுத்துக்காட்டு. 1845இல் அமெரிக்க மதப்பரப்புக் குழுவினர் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். அந்நூற்றாண்டில் வந்த குடியேற்றத்தோடு மலையில் மேலைநாட்டுக் காய்கனிகளும் பரவின. உருண்ட கிழங்கை உருளைக்கிழங்கு என்று பெயரிட எந்த இயக்கமும் தேவைப்படவில்லை. கிழங்கு என்ற வகைப்பெயர் கையில் இருந்தது; முன்னே ஓர் அடை சேர்த்தால் போதுமாக இருந்தது. அதே வயல்களில் விளையும் கேரட்டுக்கும் பீன்ஸுக்கும் அப்படி நடக்கவில்லை. முட்டைக்கோஸ் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: முட்டை தமிழ், கோஸ் போர்ச்சுக்கீசிய மூலமுடையது.

கண்ணில் படாத கடன்

தூய்மைவாதம் எல்லா அயற்சொல்லையும் ஒரே அளவில் எதிர்ப்பதில்லை. ஜன்னல், சாவி, மேசை ஆகிய மூன்றும் போர்ச்சுக்கீசியம். வசூல், பாக்கி ஆகியவை அரபு மூலமுடையவை. இவை பழனியின் ஒவ்வொரு வீட்டிலும் கடையிலும் புழங்கினாலும் பெரிய எதிர்ப்பைச் சந்தித்ததில்லை. தாசில்தார் மட்டும் அலுவலகப் பலகையில் வட்டாட்சியர் ஆனார். ஊர்ப் பேச்சில் அவர் இன்னும் தாசில்தார்தான்.

தனித்தமிழ் இயக்கம் எழுந்தபோது அதன் முன்னே இருந்த கேள்வி வடமொழியின் சமூக மேலாதிக்கம். ஆதலால் அதன் பார்வை வடசொல் மீது விழுந்தது. பின்னர் ஆங்கிலம் உயர்வின் அடையாளம் ஆனபோது பார்வை அங்கே திரும்பியது. போர்ச்சுக்கீசியம் தமிழரின் அன்றாட வாழ்வில் அதிகாரமாக நின்ற காலம் மறந்துபோனதால் சாவி உறுத்தவில்லை. எந்தச் சொல் அயல் என்று உணரப்படுகிறது என்பதை அகராதி முடிவு செய்வதில்லை; அந்தச் சொல்லின் பின்னே நிற்கும் அதிகாரம் முடிவு செய்கிறது.

ஓர் ஆக்கச் சொல் வாழ்கிறதா என அறியும் வழிகள்

மாணவர்கள் தம் ஊரிலேயே செய்து பார்க்கக்கூடிய மூன்று சோதனைகள் உள்ளன.

முதலாவது அடைப்புக்குறிச் சோதனை. ஒரு சொல்லை எழுதியவுடன் பழைய சொல்லை அடைப்புக்குள் தர வேண்டியிருந்தால், அது இன்னும் வேர் பிடிக்கவில்லை. வேட்பாளர் என்று எழுதி அபேட்சகர் என்று இன்று யாரும் விளக்குவதில்லை. கம்பிவட ஊர்திக்கு விளக்கம் தேவைப்படுகிறது.

இரண்டாவது அவசரச் சோதனை. விலை கேட்கும்போதும் வழி கேட்கும்போதும் சண்டையிடும்போதும் வாயில் வரும் சொல்லே வாழும் சொல். பேருந்து நிலையம் என்று எழுதுபவரும் ஆட்டோக்காரரிடம் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்பார். இங்கே பேருந்து தோற்றுவிட்டதாகக் கொள்ளக் கூடாது. அது எழுத்துத் தமிழின் சொல்லாக வென்றிருக்கிறது. இரு வழக்குகள் கொண்ட தமிழில் ஒரு சொல் ஒரு வழக்கில் மட்டும் வெல்வது இயல்பு.

மூன்றாவது மறதிச் சோதனை. அது ஆக்கப்பட்ட சொல் என்பதே மறந்துபோயிருந்தால் வெற்றி முழுமை. செயலாளர், சொற்பொழிவு ஆகியவை அந்நிலையை அடைந்துவிட்டன.

இந்தச் சோதனைகள் ஒரு நடைமுறைக் கேள்வியையும் எழுப்புகின்றன. அறிவிப்புப் பலகை என்பது ஊருக்குப் புதியவருக்காக வைப்பது. அவர் கேட்டறிந்து வந்த சொல் விஞ்ச். பலகையில் அது இல்லாவிட்டால் எழுதப் படிக்கத் தெரிந்தும் அவருக்கு வழி தெரியாது. மறுபுறம், பலகையிலிருந்தும் தமிழ்ச் சொல்லை எடுத்துவிட்டால் அது எழுத்து வழக்கில் நிலைபெறும் வாய்ப்பும் போய்விடும். பழனியில் இரு பெயரும் அருகருகே வழங்குவது இவ்விரு தேவைகளுக்கும் இடையே இப்போது எட்டியிருக்கும் நிலை.